செக்கு எண்ணெயில ஆரம்பிச்ச ஒரு கம்பெனிக்கு பெயர் வெச்ச விவரம்: நிகழ்வு ஆய்வு

நான் கோயம்புத்தூர்ல லேபிள், பேக்கிங் டிசைன் வேலை பாக்குறேன். சின்ன உணவு கம்பெனிகள் பெயர் வைக்கிற கட்டத்துலயே எங்ககிட்ட வந்துடுவாங்க, ஏன்னா பெயர் முடிவாகாம லேபிள் போட முடியாது. அப்படி வந்த ஒரு குடும்பத்தோட விஷயத்தை அவங்க சம்மதத்தோட எழுதுறேன். ஆளுங்க பெயரை விட்டுட்டேன், கம்பெனி பெயர்களை அதே ஜாடையில வேற பெயரா மாத்திட்டேன், மத்தபடி நடந்தது நடந்தபடி.

பின்னணி

காங்கேயம் வட்டாரத்துல கொப்பரை களமும் தேங்காய் எண்ணெய் மில்லும் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கும். அங்க ஒரு அப்பா ரொம்ப வருஷமா ஆயில் மில் நடத்திட்டு இருந்தாரு, குலதெய்வம் பெயர்ல. எண்ணெய் டின்ல போயிடும், வாங்குறவங்க வியாபாரிங்க, அதனால பெயர்னு ஒண்ணு பில் புக்குல மட்டும்தான் இருந்துச்சு. மகன் வேலைய விட்டுட்டு வந்து பக்கத்துலயே ரெண்டு மரச்செக்கு போட்டாரு, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூணும் ஆட்டி பாட்டில்ல அடைச்சு விக்க ஆரம்பிச்சாரு. மருமகள் வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குறது, கணக்கு, பார்சல் எல்லாம் பாத்துக்கிட்டாங்க. பாட்டில் மேல ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதுல "மரச்செக்கு கடலை எண்ணெய்"னு மட்டும் இருக்கும். ஊர்ல எல்லாரும் "செக்குக் கடை"ன்னே சொல்லிட்டாங்க.

ரெண்டு வருஷம் இப்படி ஓடுன பிறகு ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலி சரக்கு கேட்டுச்சு. அவங்களுக்கு கம்பெனி பெயர், உணவு பாதுகாப்பு லைசென்ஸ், பார்கோடு, சரியான லேபிள் எல்லாம் வேணும். மருமகளோட அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காரு, அவரும் கொஞ்சம் பணம் போட்டு பங்குக்கு வர்றேன்னாரு. அதனால பிரைவேட் லிமிடெட் ஆக்கிடலாம்னு ஆடிட்டர் சொல்ல, பெயர் என்ன வைக்கிறதுன்னு வந்து நின்னுச்சு.

எங்ககிட்ட வரும்போது மகன் மனசுல ஒரு பெயர் முடிவாகியே இருந்துச்சு: "காங்கேயம் மரச்செக்கு ஆயில்ஸ் பிரைவேட் லிமிடெட்". கேட்ட உடனே என்ன விக்கிறாங்கன்னு தெரியுது, ஊர் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கு, தேடுறவங்க அதையேதான் டைப் பண்ணுவாங்க. அவர் சொன்ன காரணம் ஒவ்வொண்ணும் சரிதான்.

முதல்ல கவனிச்சது

பெயர் பத்தி பேசுறதுக்கு முன்னாடி அந்த வாட்ஸ்அப் ஆர்டரை கொஞ்சம் காட்ட சொன்னேன். எண்ணெய் ஆர்டருக்கு அடியில ஜனங்க என்னென்ன கேக்குறாங்கன்னு பாத்தா நாட்டுச்சர்க்கரை இருக்கா, கம்பு மாவு கிடைக்குமா, கடலை மிட்டாய் போடுறீங்களா, இந்த தேங்காய் எண்ணெய்ல சோப்பு செஞ்சு குடுப்பீங்களான்னு திரும்பத் திரும்ப அதேதான். மருமகள் இதையெல்லாம் ஏற்கனவே ஒரு நோட்டுல தனியா எழுதி வெச்சிருந்தாங்க. "எண்ணெய் மாசத்துக்கு ஒருக்கா வாங்குறாங்க, மாவும் சர்க்கரையும் இருந்தா வாரா வாரம் வருவாங்கல்லங்க"ன்னாங்க. அதாவது அடுத்த பொருள் என்னங்கிறது கற்பனை இல்ல, கண்ணுக்கு முன்னாடி எழுத்துல இருந்துச்சு.

இன்னொண்ணு, அவங்க ஏற்கனவே ரெண்டாவது பொருள் வித்துட்டு இருந்தாங்க, அதை யாரும் பொருளாவே எண்ணல. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமாரா ரெண்டரை கிலோ பருப்பு போகுது, எண்ணெய் போக பாதிக்கு மேல புண்ணாக்கா வெளிய வருது. அதை மாட்டுக்காரங்க மூட்டை மூட்டையா வாங்கிட்டு போறாங்க. எடையில பாத்தா அந்த கம்பெனி எண்ணெயை விட புண்ணாக்குதான் அதிகமா விக்குது. "ஆயில்ஸ்"ங்கிற பெயர் இன்னைக்கே முழுசா பொருந்தலைன்னு அப்பதான் எல்லாருக்கும் உறைச்சுது.

மூணாவது விஷயம்தான் முக்கியம், பேச்சுவாக்குல வந்துச்சு. சூப்பர் மார்க்கெட் கேக்குற அளவுக்கு ரெண்டு மரச்செக்கு போதாது, வேகமா ஓடுற இரும்பு ரோட்டரி ஒண்ணு போடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தாங்க, விலை கம்மியா ஒரு எண்ணெய் தனியா குடுக்கலாம்னு. பெயர்லயே மரச்செக்குன்னு இருந்தா அந்த எண்ணெயை அந்தப் பெயர்ல விக்கிறது வாங்குறவங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடும், லேபிள் சட்டப்படியும் தப்பு. எல்லாரும் பயந்தது "ஆயில்" அப்படிங்கிற வார்த்தைக்கு, நிஜமா கழுத்தை இறுக்குனது "மரச்செக்கு". ஆயில்னு வெச்சா எண்ணெயை விட்டு வெளிய போக முடியாது, மரச்செக்குன்னு வெச்சா எண்ணெய்க்குள்ளயே நகர முடியாது. செய்முறைய பெயர்ல வைக்கிறவங்க இதை யோசிக்கிறதே இல்லைங்கிறது என்னோட அனுபவம். கோல்டு பிரஸ்ட், கல் அரைப்பு, விறகு அடுப்பு, கைத்தறின்னு வெச்சுட்டு, தொழில் வளரும்போது மெஷின் மாத்த முடியாம முழிப்பாங்க.

பெயரைப் பின்னாடி மாத்துனா என்ன ஆகும்

"இப்ப இதை வெச்சுக்கலாம், பெருசானா மாத்திக்கலாம்"னு மகன் கேட்டாரு, நியாயமான கேள்வி. ஆடிட்டரை வெச்சு உக்காந்து பேசுனோம். கம்பெனி பெயரை மாத்தணும்னா பங்குதாரர் கூட்டம் போட்டு சிறப்புத் தீர்மானம், அதாவது ஓட்டுல முக்கால் பங்கு ஆதரவு வேணும். தீர்மானத்தை MGT-14 படிவத்துல 30 நாளுக்குள்ள தாக்கல் பண்ணணும், புதுப் பெயர் முன்கூட்டியே ரிசர்வ் ஆகணும், அப்புறம் INC-24 போட்டு ஒப்புதல் வாங்கணும், அதுக்கு மேல புது சான்றிதழ். பான் நம்பரும் ஜிஎஸ்டி நம்பரும் மாறாது, ஆனா ரெண்டுலயும் பெயர் திருத்தம் போடணும், பேங்க்ல மாத்தணும், உணவு லைசென்ஸ்ல மாத்தணும். ரெண்டு வருஷத்துக்கு போர்டுலயும் லெட்டர் ஹெட்லயும் பழைய பெயரையும் சேர்த்தே போடணும்னு கம்பெனி சட்டம் சொல்லுது.

இதெல்லாம் காகித வேலை, முடிச்சிடலாம். பெரிய அடி பேக்கிங்ல. பாட்டில் ஸ்டிக்கர்னா சின்ன அளவுல அடிச்சுக்கலாம். ஆனா எண்ணெய் பவுச்சுக்கு வந்துட்டா கிராவ்யூர் பிரிண்டிங், ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் வெட்டணும், ஆறு கலர்னா ஆறு சிலிண்டர், அளவு மாறுனா அதுக்கு தனி செட்டு, அதுக்கு மேல ஃபிலிம் இத்தனை கிலோவுக்கு கம்மியா அடிக்க மாட்டோம்னு பிரஸ்காரங்க சொல்லுவாங்க. பெயர் மாறுனா பெயர் வர்ற சிலிண்டர் எல்லாம் வீண், கிடங்குல இருக்குற ஃபிலிமும் வீண். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் ஒவ்வொரு பாக்கெட்லயும் இருக்கணும்ங்கிறது எடை அளவு சட்டத்தோட விதி, அதனால பிராண்டு பெயர் மாறாம கம்பெனி பெயர் மட்டும் மாறுனாலும் பின்பக்கத்தை திருப்பி அடிச்சே ஆகணும். மாத்துறதுக்கு சுலபமான நேரம் பவுச் அடிக்கிறதுக்கு முன்னாடிதான்னு அங்க தெளிவாச்சு.

பெயர்கள் ஒவ்வொண்ணா

அப்பா ஒண்ணு சொன்னாரு: "குலசாமி பெயரை வெச்சா எதை வேணா விக்கலாமுங்க தம்பி, யாரு கேக்கப் போறா". இதுல பெரிய உண்மை இருக்கு. நம்ம ஊர்ல கடைக்கு சாமி பெயர், பெரியவங்க பெயர், குழந்தை பெயர் வைக்கிற பழக்கம் இருக்கே, அது அத்தனையும் தொழிலைக் கட்டிப்போடாத பெயருங்க. முருகன் பெயர்ல ஆரம்பிச்ச மளிகைக்கடை நாளைக்கு ஜவுளி வெச்சாலும் பெயர் இடிக்காது. சிக்கல் வேற இடத்துல இருக்கு. அந்தப் பெயரை டிரேட்மார்க் தேடல்ல போட்டுப் பாத்தா எண்ணெய்லயும் மாவுலயும் மசாலாவுலயும் அதே அம்மன் பெயர்ல பக்கம் பக்கமா வந்துச்சு. அகலமான பெயர்தான், ஆனா நமக்குன்னு சொந்தமாகாது. அவர் மனசு நோகாம இருக்கணும்னு மில்லுக்கு அந்தப் பெயரை அப்படியே விட்டுடலாம், பாட்டிலுக்கு மட்டும் வேற பாக்கலாம்னு மருமகள் பேசி ஒத்துக்க வெச்சாங்க.

திருப்பூர் மச்சான் எதிர்ப்பக்கம் நின்னாரு. "குளோபல் எண்டர்பிரைசஸ்" மாதிரி ஒண்ணு வேணும், நாளைக்கு எது வேணா பண்ணலாம்னு. எது வேணா பண்ணலாம்ங்கிற பெயர் எதையும் சொல்லாது, சூப்பர் மார்க்கெட் அலமாரியில எண்ணெய் வாங்க வந்த அம்மா அந்தப் பெயரைப் பாத்து எதை நம்பி எடுப்பாங்க? அதனால முதல்ல எதுவரைக்கும் போகப் போறோம்னு ஒரு எல்லை போட்டுக்கலாம்னு சொன்னேன். அஞ்சு வருஷத்துக்குள்ள நிச்சயமா வரக்கூடியது: நாட்டுச்சர்க்கரை, சிறுதானிய மாவு, கடலை மிட்டாய். வரலாம்: குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், பைகள்ல மாட்டுத் தீவனம். வராது: துணி, பாத்திரம், ஹோட்டல். மச்சானே கடைசி வரிசையை எழுதுனாரு. முதல் ரெண்டு வரிசையும் பொருந்துற அகலம் போதும், அதுக்கு மேல வேண்டாம்னு முடிவு பண்ணோம்.

இந்த வரிசை வந்ததும் நல்லா இருக்குன்னு நினைச்ச பல பெயர் தானா விழுந்துச்சு. "ருசி"ன்னு ஆரம்பிக்கிற பெயர் ஒண்ணு மருமகளுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு, எண்ணெய், மாவு, மிட்டாய் எல்லாத்துக்கும் பொருந்துது, ஆனா சோப்பு மேல ருசின்னு போட முடியுமா? மாட்டுத் தீவன மூட்டை மேல? அதே மாதிரி "கிச்சன்", "சமையல்", "ஃபுட்ஸ்" மூணும் அடுப்படியைத் தாண்டாது. எண்ணெயைத் தாண்டணும்னு யோசிக்கிறவங்க உணவுங்கிற வேலிக்குள்ள போய் நின்னுடுறாங்க.

அப்பா சந்தேகமா இருந்தப்போ ரெண்டு பெரிய கம்பெனியைப் பத்தி சொன்னேன். 1945-ல மகாராஷ்டிரா அமல்நேர்ல வனஸ்பதி, எண்ணெய் தயாரிக்க ஆரம்பிச்ச வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ் லிமிடெட்தான் பின்னாடி விப்ரோ ஆச்சு. முழுப் பெயர்ல திசையும் இருந்துச்சு பொருளும் இருந்துச்சு, எண்ணெயைத் தாண்டிப் போகும்போது அதைச் சுருக்கி அர்த்தம் தெரியாத ஒரு சொல்லா ஆக்கிட்டாங்க. இன்னொண்ணு நம்ம மெட்ராஸ்லயே நடந்தது. 1946-ல பொம்மை பலூன் செஞ்சு ஆரம்பிச்சவங்க மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரின்னு ஆனாங்க. பலூன்னு வைக்காம ஒரு படி மேல ஏறி மூலப்பொருள் பெயரை வெச்சதால டயர் வரைக்கும் அந்தப் பெயர் தாங்குச்சு, அதுக்கு அப்புறம் எம்ஆர்எஃப்னு மூணு எழுத்தாயிடுச்சு. மகன் உடனே "அப்ப நாமளும் இன்ஷியல் போட்டுக்கலாமே"ன்னாரு. அந்த எழுத்துக்குப் பின்னாடி பல வருஷ விளம்பரமும் டீலர்களும் இருக்காங்க. புதுசா வர்ற கம்பெனியோட மூணு எழுத்து யாருக்கும் எதையும் சொல்லாது, டிரேட்மார்க்லயும் மூணு எழுத்துல இடம் கிடைக்கிறது கஷ்டம்னு விளக்குனேன், விட்டுட்டாரு.

எப்படி சோதிச்சோம்

கடைசியா மூணு பெயர் மிஞ்சுச்சு, மூணும் அந்த மண்ணுல இருந்து எடுத்தது. காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலத்துக்கு கொறங்காடுன்னு பெயர், அதைச் சுத்தி உயிர்வேலியா கிளுவை நட்டிருப்பாங்க, உள்ள வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும். அதனால "கொறங்காடு", "வெள்வேல்", "கிளுவை". எந்தப் பொருளையும் சொல்லாத, ஆனா ஒரு ஊரையும் தோட்டத்தையும் ஞாபகப்படுத்துற பெயருங்க.

ஏ4 ஸ்டிக்கர் தாள்ல சாதாரணமா பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் அஞ்சு சாமான் ஒட்டுனோம்: எண்ணெய் பாட்டில், சர்க்கரை பாக்கெட், மாவு பாக்கெட், சோப்பு டப்பா, ஒரு புண்ணாக்கு மூட்டை. கணினியில படமா பாக்குறதுக்கும் கையில எடுத்துப் பாக்குறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு, சோப்பு டப்பாவைக் கையில எடுத்ததும் முகம் மாறுதான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். "மரச்செக்கு ஆயில்ஸ்"சையும் சேர்த்து ஒட்டி வெச்சோம், அந்த சோப்பைப் பாத்து மகனே "இது ஆகாதுங்க"ன்னு எடுத்து வெச்சுட்டாரு. அதுவரைக்கும் நாங்க எவ்வளவு பேசியும் அவர் மனசு முழுசா ஒத்துக்கல.

ரெண்டாவது போன் சோதனை. கடைக்குப் பேசுற மாதிரி "வணக்கங்க, நாங்க ... லருந்து பேசுறோம்"னு சென்னையில, மதுரையில இருக்குற தெரிஞ்சவங்களுக்கு போன் பண்ணி, என்ன கேட்டுச்சோ எழுதி அனுப்புங்கன்னு சொன்னோம். கொறங்காடு அதுலயே விழுந்துச்சு, வெளியூர்க்காரங்க பல பேருக்கு அது குரங்குன்னு காதுல விழுந்திருக்கு. வெள்வேல் ஆங்கிலத்துல எழுதும்போது ஆளுக்கு ஒரு மாதிரி வந்துச்சு. கிளுவைக்கு Kiluvai-ன்னு பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதுனாங்க, அர்த்தம் தெரியாதவங்க "ஏதோ ஊர் பெயரா?"ன்னு கேட்டாங்க, அது தப்பான கேள்வி இல்ல.

மூணாவதா தேடல். கம்பெனிகள் அமைச்சக இணையதளத்துலயும் டிரேட்மார்க் பதிவகத்தோட பொதுத் தேடல்லயும் ஒரே எழுத்துல மட்டும் இல்லாம ஒலி ஒத்துப்போற பெயரையும் சேர்த்துப் பாத்தோம். பின்னாடி ஒரு "ஸ்" சேர்க்கிறது, நடுவுல இடைவெளி விடுறது, புள்ளி வைக்கிறது எல்லாம் வேற பெயர்னு கணக்குல வராது, இதை நம்பி மாட்டுறவங்க நிறைய. கிளுவைக்கு அன்னைக்கு தேடும்போது எங்களுக்கு வேண்டிய வகை எதுலயும் இடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

எடுத்த முடிவுகள், காரணத்தோட

பெயரை மூணு அடுக்கா பிரிச்சோம். மேல பெருசா கிளுவை, இது எல்லா சாமானுக்கும் பொது. அதுக்குக் கீழ தனி பட்டையில "மரச்செக்கு கடலை எண்ணெய்", பொருளும் செய்முறையும் அங்கதான் வரும், பொருள் மாறுனா அந்தப் பட்டை மட்டும் மாறும், நாளைக்கு ரோட்டரி எண்ணெய் வந்தா அதுல மரச்செக்குன்னு இருக்காது, யாரையும் ஏமாத்துன மாதிரியும் ஆகாது. பின்பக்கம் சின்ன எழுத்துல கம்பெனி பெயர். மகனுக்கு ஆசையா இருந்த அந்த வார்த்தைங்க எதுவும் தொலையல, இடம் மாறுச்சு அவ்வளவுதான். சட்டப்படியும் இதுதான் வசதி, பொருளோட தன்மையையோ ஊரையோ மட்டும் சொல்ற வார்த்தையை டிரேட்மார்க் சட்டத்தோட ஒன்பதாவது பிரிவு தனி ஒருத்தருக்கு சாதாரணமா குடுக்காது. "காங்கேயம் மரச்செக்கு"ன்னு வெச்சிருந்தா பக்கத்து மில்லுக்காரர் அதையே போட்டாலும் தடுக்குறது கஷ்டம்.

கம்பெனி பெயரோட வால் பகுதிக்கு கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்துச்சு. ஃபுட்ஸ் வேண்டாம்னு ஏற்கனவே முடிவு. அக்ரோன்னா சோப்பு இடிக்கும். கடைசியா "கிளுவை புராடக்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்". கம்பெனி பதிவுக்கான SPICe+ படிவத்தோட முதல் பகுதியில ரெண்டு பெயர் குடுக்கலாம், கட்டணம் 1000 ரூபாய், ரெண்டாவதா அக்ரோ சேர்த்த பெயரையும் போட்டோம், முதல் பெயரே கிடைச்சுது. ஒப்புதல் வந்த 20 நாளுக்குள்ள கம்பெனியைப் பதிவு பண்ணிடணும், இல்லன்னா பெயர் கைவிட்டுப் போயிடும், அதனால முகவரி ஆவணம், டிஜிட்டல் கையெழுத்து சாவி எல்லாம் தயார் பண்ணிட்டுதான் விண்ணப்பமே போட்டோம். கம்பெனி என்னென்ன தொழில் பண்ணும்னு சொல்ற நோக்கங்கள் பகுதியில எண்ணெயோட மாவு, சர்க்கரை, தீவனம், சோப்பு வகைகளையும் ஆடிட்டர் எழுத வெச்சாரு. பெயர் அகலமா இருந்து நோக்கம் குறுகலா இருந்தா சோப்பு போடும்போது அதைத் திருத்த தனியா ஒரு தீர்மானம் போடணும்.

அடுத்து டிரேட்மார்க். அதுல பொருளையும் சேவையையும் மொத்தம் 45 வகையா பிரிச்சிருக்காங்க. சமையல் எண்ணெய் 29, மாவும் சர்க்கரையும் மிட்டாயும் 30, சோப்பும் தலை எண்ணெயும் 3, புண்ணாக்கும் தீவனமும் 31. சிறு நிறுவனமா இருந்து இணையத்துல போட்டா ஒரு வகைக்கு 4500 ரூபாய். நான் 29, 30, 3 மூணையும் சேர்த்தே போடலாம்னு சொன்னேன், இன்னும் விக்காத பொருளுக்கும் இனிமே பயன்படுத்தப் போறோம்னு விண்ணப்பம் போட சட்டத்துல இடம் இருக்கு. அந்த மாசம் ஸ்டிக்கர் செலவு, பார்கோடு, லைசென்ஸ்னு கை கடிச்சிட்டு இருந்துச்சு. "சோப்பு எப்ப வருமோ, அப்ப பாத்துக்கலாமுங்க"ன்னு 29, 30 ரெண்டும் மட்டும் போட்டாங்க. அந்த நேரத்துல அதுவும் புரிஞ்சுக்க முடியாத முடிவு இல்ல. பதிவாகி அஞ்சு வருஷம் பயன்படுத்தாம வெச்சிருந்தா வேற ஒருத்தர் அதை நீக்க சொல்லிக் கேக்க முடியும்னு அவங்க கேள்விப்பட்டிருந்தாங்க, அதுவும் ஒரு காரணம்.

அதுக்கப்புறம் நடந்தது

முதல் சில மாசம் சுலபமா இல்ல. சூப்பர் மார்க்கெட்ல கிளுவைன்னா என்னன்னு யாருக்கும் தெரியல. வாடிக்கையாளர்கள் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு வெச்சுடுறாங்கன்னு கடைப் பையன் சொன்னான். பழைய வெள்ளை ஸ்டிக்கர்ல பொருள் பெயர் மட்டும்தானே பெருசா இருந்துச்சு, புதுசுல பிராண்டு பெருசாகி பொருள் பட்டை சின்னதாயிடுச்சு. பட்டையை கிட்டத்தட்ட பிராண்டு அளவுக்கே பெருசாக்கி, மஞ்சள் பின்னணியில போட்டோம். அதுக்கு அப்புறம் எடுக்குறவங்க கூடுனாங்க. பொருளைச் சொல்லாத பெயர் வெச்சா பொருளைச் சொல்ற வேலையை வேற எதாவது ஒண்ணு செஞ்சே ஆகணும், ஸ்டிக்கர்ல அடிச்சதால இந்த மாத்தமும் பெரிய செலவில்லாம முடிஞ்சுது.

நாட்டுச்சர்க்கரை அதே வருஷம் வந்துச்சு, பட்டையும் கலரும் மட்டும் மாத்தி ரெண்டு நாள்ல லேபிள் முடிஞ்சுது. எண்ணெய் வாங்குறவங்க கேள்வி கேக்காம சர்க்கரையையும் எடுத்தாங்க. அடுத்து கம்பு மாவு, கேழ்வரகு மாவு. கடலை மிட்டாய் மட்டும் சரியா போகல, ஆனா அதுக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்ல, வெயில் காலத்துல வெல்லம் இளகிப் போச்சு. ரோட்டரி எண்ணெயும் போட்டாங்க, "கடலை எண்ணெய்"னு மட்டும் பட்டை போட்டு, விலை கம்மியா. மரச்செக்கு எண்ணெய் வாங்குறவங்க யாரும் அதைப் பாத்து கோவிச்சுக்கல, ரெண்டும் தனித்தனியா தெளிவா எழுதியிருந்துச்சு.

சோப்புலதான் இடிச்சுது. லைசென்ஸ் இருக்குற ஒரு யூனிட்ல செஞ்சு வாங்க ஏற்பாடாகி, லேபிள் போடுறதுக்கு முன்னாடி மூணாம் வகையில திரும்பத் தேடுனப்போ ஒலியில ரொம்ப நெருக்கமான ஒரு பெயர், தலை எண்ணெய்க்கும் சோப்புக்கும் வேற ஊர்க்காரர் விண்ணப்பம் போட்டிருந்தாரு. நாம முதல்லயே எண்ணெய்க்கு வெச்சிருக்கோமேன்னு மகன் கேட்டாரு. அப்படி நேரா சொல்லிட முடியாது. கர்நாடகா பால் கூட்டமைப்போட நந்தினி பெயரும் ஒரு ஹோட்டலோட நந்தினி பெயரும் மோதுன வழக்குல 2018-ல உச்ச நீதிமன்றம், ஒரு பெயரை ஒருத்தர் பால் பொருளுக்கு வெச்சிருக்கிறதால அந்த வகையில இருக்குற எல்லாப் பொருளுக்கும் அவருக்கே ஏகபோகம் ஆயிடாதுன்னு சொல்லிடுச்சு. ஒரே வகைக்குள்ளயே இப்படின்னா, சோப்பு வேற வகை, அவர் விண்ணப்பம் முன்னாடி, நம்ம பெயர் இன்னும் ஊர் பூரா தெரிஞ்ச பெயரும் இல்ல. எதிர்ப்பு மனு போட்டு வருஷக்கணக்குல அலையலாம், ஜெயிப்போம்னு உறுதி கிடையாது. வக்கீல்கிட்ட கேட்டுட்டு குடும்பமா உக்காந்து விட்டுடலாம்னு முடிவு பண்ணாங்க.

சோப்பு வேற பெயர்ல வந்துச்சு. பின்பக்கம் விக்கிறவங்கன்னு கிளுவை புராடக்ட்ஸ் இருக்கு, முன்பக்கம் அந்தப் பெயர் இல்ல. எண்ணெய் வாங்குறவங்ககிட்ட மருமகள் வாட்ஸ்அப்ல சொல்லி விக்கிற வரைக்கும் போகுது, கடையில தானா எடுக்குறது குறைவு. மூணு வரிசை போட்டு, சோப்பு டப்பா ஒட்டிப் பாத்து, ஃபுட்ஸ்ங்கிற வாலையும் வெட்டி சோப்புக்காகவே அகலமா வெச்ச பெயர், சோப்புக்கு மட்டும் பயன்படாம போச்சுங்கிறதுல எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு.

மறுபடி செஞ்சா எதை மாத்துவாங்க

இதை அவங்ககிட்டயே கேட்டேன். மகன் சொன்னது, "வரலாம்"ங்கிற வரிசையில எழுதுன ஒவ்வொரு பொருளுக்கும் எந்த வகைன்னு அன்னைக்கே பக்கத்துல எழுதி, எல்லாத்துக்கும் ஒரே நாள்ல விண்ணப்பம் போட்டிருப்போம், 3, 31 ரெண்டு வகைக்கும் சேர்த்து 9000 ரூபாய்ல முடிஞ்சிருக்கும்னு. பயன்படுத்தாம விட்டா போயிடும்ங்கிற பயத்துக்கு அஞ்சு வருஷம் அவகாசம் இருந்துச்சு, சோப்பு ரெண்டு வருஷத்துக்குள்ளயே வந்துடுச்சு.

மருமகள் சொன்னது வேற. லேபிள் சோதனையில பெயர் பொருந்துதான்னு மட்டும் பாத்தோம், பெயர் தெரியாத ஒருத்தர் அஞ்சடி தூரத்துல இருந்து பாத்தா என்ன பொருள்னு தெரியுதான்னு பாக்கல, அதையும் பாத்திருந்தா முதல் சில மாச விற்பனை போயிருக்காதுன்னாங்க. அதுக்கு அப்புறம் எங்க ஆபீஸ்ல எல்லா லேபிளையும் அலமாரியில மத்த பிராண்டுகளுக்கு நடுவுல வெச்சு தள்ளி நின்னு பாக்குறோம்.

அப்பாவுக்கு மாத்த ஒண்ணும் இல்லையாம். மில்லுல குலசாமி பெயர் போர்டு அப்படியேதான் இருக்கு, புண்ணாக்கு மூட்டை இன்னும் அந்தப் பெயர்லதான் போகுது. மாட்டுக்காரங்க அந்தப் பெயரைத்தான் கேக்குறாங்க, அதனால அதை மாத்த வேண்டாம்னு விட்டிருக்காங்க. ஆனா 31-ஆம் வகையில கிளுவைக்கு விண்ணப்பம் மட்டும் போட்டாச்சு, போன மாசம் எண்ணெய் பவுச்சுக்கு சிலிண்டரும் ஆர்டர் குடுத்துட்டாங்க.